சுவரில் இருபது விநாடி

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இன்று என் தவறு ஒன்றைக் கண்டுபிடித்தேன். சிறியதுதான். ஓர் அட்டவணையில் இரண்டு வரிகளின் அளவுகள் இடம் மாறிவிட்டன.

மாலை வகுப்பின் விதிப்படி இந்த நோட்டில் தினமும் மூன்று விஷயம் எழுத வேண்டும்: கற்றது, சந்தேகம், தவறு. முதல் இரண்டுக்கும் எனக்குப் பக்கம் போதாது. மூன்றாவதில் இதுவரை "இன்று ஐந்து நிமிடம் தாமதம்" மாதிரி எதையாவது எழுதி ஒப்பேற்றிவந்தேன். இன்றுதான் அந்த இடத்துக்குத் தகுந்த தவறு கிடைத்திருக்கிறது.

வகுப்பில் சேர்ந்தது என் விருப்பத்தால் அல்ல. தங்கமணி அண்ணனின் கல்யாணச் சமையல் குழுவில் நான் காய் வெட்டுகிறேன், சாமான் பட்டியல் எழுதுகிறேன். ஆடி மாதம் முகூர்த்தம் கிடையாது; எப்போதாவது கோயில் அன்னதானம் வந்தால்தான் அடுப்பு எரியும். சமையல் குழு ஒவ்வொன்றிலும் முதலுதவி தெரிந்த ஒருவராவது இருக்க வேண்டும் என்று ஒப்பந்தக்காரர் சங்கத்தில் முடிவு செய்தார்கள். அண்ணன் எங்களை வரிசையாகப் பார்த்தார். "அறிவுச்செல்வன் சும்மாதான இருக்கான்" என்றார். அத்தனை பேரும் சும்மாதான் இருந்தோம். என் பேர் மட்டும் அவருக்குச் சட்டென்று வாயில் வந்துவிட்டது.

வகுப்பு பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு மாடியில், மாலை ஆறு மணிக்கு. ஓய்வு பெற்ற செவிலியர் மெஹ்ராஜ் பேகம் நடத்துகிறார். முதல் நாள் கை கழுவுவது எப்படி என்று சொன்னார்: சோப்பு போட்டு இருபது விநாடி. இரண்டாம் நாள் சூடு பட்டால் என்ன செய்வது என்று சொன்னார்: ஓடுகிற குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம். இரண்டையும் நோட்டில் சரியாகத்தான் எழுதினேன். இப்போது எடுத்துப் பார்த்தேன். நிமிடத்தின் கீழே இரண்டு கோடுகூடப் போட்டிருக்கிறேன்.

பிறகு எங்கள் குழுவின் சமையலறைச் சுவருக்கு ஒரு பலகை தயாரிக்கச் சொன்னார் அண்ணன். கட்டம் போட்டு, வண்ணம் கொடுத்து, நான்கு முறை சரிபார்த்தேன். நான்கு முறையும் எழுத்துப் பிழை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். பலகையில் இப்படி இருக்கிறது:

கை கழுவுதல்: 20 நிமிடம்.
சூடு பட்டால் தண்ணீர்: 20 விநாடி.

கீழே என் பெயர். அதைப் பெரிய எழுத்தில் போடச் சொன்னது அண்ணன். நான் மறுக்கவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

இது பத்து நாளாகச் சுவரில் இருக்கிறது. கை கழுவ இருபது நிமிடம் என்பதைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். மேலிடத்து உத்தரவென்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்கள். சாம்பார் மாஸ்டர் கொளஞ்சியப்பன் மட்டும் நேராகக் கேட்டார்: "கைய கழுவவே இருவது நிமிசம்னா சாம்பார நாளைக்கு வெக்கலாமா?" அன்றிலிருந்து யாரும் கை கழுவுவதே இல்லை. இருபது நிமிடம் கழுவ முடியாதென்றால் அரை நிமிடம் கழுவி என்ன பயன் என்பது அவர்கள் கணக்கு. முன்பு வேட்டியில் துடைத்துக்கொள்வதற்கு முன்னால் ஒரு தடவையாவது தண்ணீரில் நனைப்பார்கள்.

சந்தேகம்: தவறு சிறியதுதானா?

ஆகஸ்ட் 20, புதன்

காலையில் முதல் வேலையாக அண்ணனிடம் சொன்னேன். சங்கராபுரம் சாலை மண்டபத்தில் நாளை கல்யாணம். ஆவணியின் முதல் வேலை. வண்டியில் அண்டா ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் முழுக்கக் கேட்டார். பிறகு பலகையின் அருகே போய் நகத்தால் ஓர் ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தார்.

"இன்னாடா, லேமினேட் பண்ணியாச்சே" என்றார்.

அடித்துவிட்டு மேலே எழுதலாம் என்றேன். அடித்தால் அடித்தது தெரியும் என்றார். புதிதாகச் செய்யலாம் என்றேன். புதியதைப் பார்க்கிறவன் பழையது எங்கே என்று கேட்பான் என்றார்.

மேலும் ஒரு சிக்கல் இருந்தது. பலகையை அவர் படம் பிடித்துச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார். பதினோரு பேர் பிரதி கேட்டிருக்கிறார்கள். நானே அச்சுக்குக் கொடுத்து, நானே சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்தேன். ரிஷிவந்தியத்தில் ஒட்டுவதற்கு ஏணிகூட நான்தான் பிடித்தேன்.

"இப்ப போய் தப்புன்னு சொன்னா பதினோரு பேரும் இன்னா நெனப்பான்? தங்கமணி வூட்டுது எல்லாமே இப்படித்தான்னு நெனப்பான். பந்தியில உப்பு கம்மின்னா கூட பலகையக் காட்டுவான்."

அது நியாயமாகத்தான் பட்டது. அண்ணன் பேசும்போது எல்லாம் நியாயமாகவே படுகிறது. வீட்டுக்கு வந்து எழுதும்போதுதான் படுவதில்லை.

மதியம் இலக்கியாவிடம் சொன்னேன். இலக்கியா எங்கள் குழுவில் காய் நறுக்குவாள், பரிமாறுவாள், கையாள் வேலை எதுவானாலும் செய்வாள். மாலையில் தட்டச்சு வகுப்பு. செப்டம்பர் ஆறாம் தேதி அவளுக்கு அரசுத் தட்டச்சுத் தேர்வு. அதில் தேறினால் சங்கராபுரத்தில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு அண்டா பக்கமே தலை வைத்துப் படுக்க மாட்டேன் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறாள். கேரட் நறுக்கும்போதுகூட அவள் விரல்கள் பலகைமேல் எழுத்துகளைத் தட்டிக்கொண்டிருக்கும்.

நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்தாள். "இருவது செகண்டுக்கு இருவது நிமிசம். நீ டைப் அடிச்சா தேர்வுல உன்ன வெளிய அனுப்புவாங்க" என்றாள். பிறகு, ஒரு மார்க்கர் பேனா இருந்தால் யாரும் பார்க்காத நேரத்தில் மாற்றிவிடலாமே என்றாள்.

என்னிடம் மார்க்கர் இருந்தது. பையிலேயே இருந்தது. அண்ணன் வேண்டாம் என்ற பிறகு செய்வது முறையா என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டே இருந்ததில் பலகையைக் கழற்றி, அட்டைப்பெட்டியில் வைத்து, மண்டபத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

தவறு: மார்க்கரை வெளியே எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

இன்றையதை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். நேரங்கள் என் கைப்பேசியில் பார்த்தவை.

முகூர்த்தம் ஒன்பது மணிக்குள் முடிந்தது. காலைப் பந்தியும் முடிந்து, மதியச் சாப்பாட்டு வேலை உச்சத்தில் இருந்தது. பலகையை அடுப்புக்குப் பின்னால் உள்ள சுவரில், எல்லோர் கண்ணிலும் படும்படி அண்ணனே மாட்டியிருந்தார். அதன் கீழே முதலுதவிப் பெட்டி. அதன் சாவி அண்ணனின் வண்டிச் சாவியோடு இருந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு யாரோ வாழை இலை வாங்கப் போயிருந்தார்கள்.

10.38. சோறு வடிக்கிறார்கள். இரண்டு பேர் சாக்குத் துணி பிடித்து அண்டாவைச் சாய்க்க, கஞ்சி கீழே தொட்டியில் விழும். தொட்டி நிறைகிற மாதிரி இருந்ததால் இலக்கியா அதை இழுக்கப் போனாள். "இரு" என்று ஒருவர் சொன்னதும் இன்னொருவர் அண்டாவை இன்னும் கொஞ்சம் சாய்த்ததும் ஒரே நேரத்தில் நடந்தன. கொதிகஞ்சி அவளுடைய வலது கையில், விரல்களின் மேற்புறத்திலிருந்து மணிக்கட்டு தாண்டி நான்கு விரற்கடை வரை விழுந்தது.

அவள் கத்தவில்லை. கையை மட்டும் உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, அது வேறு யாருடையதோ என்பது போலப் பார்த்தாள்.

நான் வெண்டைக்காய்ப் பக்கம் இருந்தேன். ஓடிவந்து அவளைப் பாத்திரம் கழுவும் குழாய்க்கு இழுத்துப்போனேன். கண்ணகி அக்கா கழுவிக்கொண்டிருந்த குண்டானை நகர்த்திவிட்டுக் கையைத் தண்ணீரின் கீழே வைத்தேன். இதுவரை எல்லாம் சரியாக நடந்தது. வகுப்பில் பொம்மை கையை வைத்துச் செய்ததைவிடச் சரியாகவே நடந்தது.

அப்போது அண்ணன் வந்தார். வந்தவர் பலகையைப் பார்த்தார். என்னைப் பெருமையாகப் பார்த்தார். பிறகு வாய்விட்டு எண்ண ஆரம்பித்தார். பதினைந்து, பதினாறு என்று வந்தபோது அண்டா பிடித்த இரண்டு பேரும் கூடச் சேர்ந்துகொண்டார்கள். இருபது வந்ததும் அவள் முழங்கையைப் பிடித்துக் கையை வெளியே எடுத்துவிட்டார்.

"அவ்ளோதான். முறப்படி முடிஞ்சிது" என்றார்.

இத்தனை நாளில் அந்தப் பலகையில் உள்ள ஒரு வரியைக்கூட யாரும் கடைப்பிடித்ததில்லை. கடைப்பிடித்த முதல் வரி இது.

10.40. முறைப்படி முடிந்துவிட்டதால் இனி வைத்தியம் பார்க்கலாம் என்று எல்லோருக்கும் தோன்றிவிட்டது. கல்யாணச் சமையலில் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு மருந்து இருக்கிறது; அது அந்தப் பிரிவில் எது கையெட்டும் தூரத்தில் இருக்கிறதோ அதுவாக இருக்கும். சின்னராசு லட்டுப் பிரிவு; உள்ளங்கை நிறைய நெய்யோடு வந்தார். கொளஞ்சியப்பன் இட்லி மாவு கொண்டுவந்தார், காலையில் மிச்சமானது, குளிர்ச்சி என்றார். காபி போடும் சர்புதீன் பாய் காபித் தூள் டப்பாவோடு வந்து, ஆனால் இது ஃபில்டர் தூள், இன்ஸ்டன்ட் தூளாக இருந்தால் இன்னும் நன்றாக ஒட்டும் என்று வருந்தினார். ஐஸ்கிரீம் கடைக்காரர் ஒரு கட்டி ஐஸையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். விறகு வேலைக்கு வந்திருந்த சடையன் கல்வராயன் மலைக்காரர். அவர் பையில் எப்போதும் ஒரு பாட்டில் தேன் இருக்கும். அதை எடுத்தார், சுற்றிலும் பார்த்தார், திரும்ப உள்ளே வைத்துவிட்டார். "இது தின்றதுக்குங்க" என்றார். இன்று அந்தச் சமையலறையில் பேசப்பட்ட முதல் மருத்துவ உண்மை அதுதான்.

யார் முதலில் தடவுவது என்பதில் சிறு தகராறு வந்தது. நெய் வைத்துவிட்டால் மாவு ஒட்டாது என்று கொளஞ்சியப்பன் சொன்னார். மாவு வைத்துவிட்டால் நெய் இறங்காது என்று சின்னராசு சொன்னார். இரண்டு பேரும் இருபது வருடம் ஒரே அடுப்பு வரிசையில் வேலை பார்த்தவர்கள், விட்டுக்கொடுக்க மாட்டார்கள். நடுவில் நின்ற இலக்கியாவின் கை சிவந்துகொண்டிருந்தது.

தீர்ப்பு அண்ணனுடையது. கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டார் தங்கும் அறைக்குப் பெண் வீட்டார் சோப்பு, சீப்பு, எண்ணெய், பற்பசை எல்லாம் தட்டில் வைத்துக் கொடுப்பது வழக்கம். அண்ணன் ஆள் அனுப்பி அந்தப் பற்பசையை வரவழைத்தார். பெரிய டியூப், பிரிக்காதது. மூடியைத் திறந்து இலக்கியாவின் நடுவிரலிலும் மோதிர விரலிலும் வெள்ளையாகப் பூசிவிட்டார். நான் அப்போதும் வாய் திறக்கவில்லை. 10.41 என்று கைப்பேசி காட்டியது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏன் என்று எழுத வேண்டும். பலகையில் என் பெயர் இருந்தது. இருபது விநாடி தவறு என்று சொன்னால் முதலில் அந்தப் பெயர்தான் தவறாகும். அதை நினைத்துக்கொண்டு அரை நிமிடம் நின்றேன். அந்த அரை நிமிடம் அவள் கையிலிருந்து போனது.

அவள்தான் என்னைப் பார்த்தாள். "அறிவு, நேத்து நீ இன்னா சொன்ன?" என்றாள்.

அப்போது சொன்னேன். பலகையில் இருப்பது தவறு, நான் மாற்றி எழுதிவிட்டேன், இருபது நிமிடம் தண்ணீரில் இருக்க வேண்டும், எதையும் தடவக் கூடாது. சத்தமாகத்தான் சொன்னேன்.

அண்ணன் நிதானமாகக் கேட்டார். "அப்ப நீ தப்பா எழுதறவன். இல்லையா?"

ஆமாம் என்றேன்.

"தப்பா எழுதறவன் தப்பா சொல்லவும் செய்வான்ல? எழுதுனதையாச்சும் நாலு வாட்டி பாத்த. இப்ப சொல்றத எத்தன வாட்டி பாத்த?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு உண்மையிலேயே சந்தேகம் வந்துவிட்டது. இருபதா, பத்தா? நோட்டில் நிமிடத்தின் கீழே இருந்த இரண்டு கோடு வகுப்பில் போட்டதா, அல்லது முந்தாநாள் எடுத்துப் பார்த்தபோது நான் போட்டதா? நெய் பிரிவும் மாவுப் பிரிவும் எந்தச் சந்தேகமும் இல்லாமல் நின்றுகொண்டிருந்தன. சரியான விஷயம் தெரிந்தவனுக்கு மட்டும்தான் அங்கே சந்தேகம்.

இலக்கியா யாருக்கும் காத்திருக்கவில்லை. அவளே திரும்பிக் குழாயைத் திறந்து கையை உள்ளே வைத்தாள்.

"தண்ணியில இருந்தா எரியல. வெளிய எடுத்தா எரியுது. இதுக்கு எதுக்குங்க பலகை?" என்றாள்.

அதற்கு மேல் அங்கே வாதம் இல்லை. 10.43. முன்பு போன இருபது விநாடியைக் கணக்கில் சேர்க்கலாமா என்று ஒரு யோசனை வந்தது. சேர்க்காமல் பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்தேன்.

கண்ணகி அக்காவுக்கு மட்டும் மனத்தாங்கல். மண்டபத்தில் உருப்படியான குழாய் அது ஒன்றுதான். பந்திக்கு முன்னால் முந்நூறு டம்ளர் கழுவியாக வேண்டும். "இவ கைய இங்க வெச்சிக்கினு இருந்தா நான் பாத்திரத்த எங்க கழுவறது, மாப்பிள்ள தலையிலயா?" என்று கேட்டுக்கொண்டே தன் முந்தானையைப் பிழிந்து இலக்கியாவின் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டார். பிறகு வாளிகளைத் தூக்கிக்கொண்டு பின்பக்கத் தொட்டிக்குப் போனார்.

மோதிரம் நினைவுக்கு வந்தது. வீங்கிவிட்டால் கழற்ற முடியாது என்று வகுப்பில் இரண்டு முறை சொல்லியிருந்தார்கள். தண்ணீருக்குள்ளேயே மெதுவாகக் கழற்றினேன். இரண்டு கண்ணாடி வளையல்களும் வந்துவிட்டன. கஞ்சியில் நனைந்த கைப்பகுதித் துணி தோலில் ஒட்டாமல் இருந்ததால் அதைச் சுருட்டி மேலே தள்ளினோம். பற்பசையை நான் தேய்க்கவில்லை. தண்ணீர் அதுவாகவே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தது. முழுக்கப் போகவில்லை.

ஐஸ்கிரீம்காரர் பக்கத்திலேயே ஐஸோடு நின்றார். தண்ணீரே நல்லதென்றால் ஐஸ் அதைவிட நல்லதுதானே என்பது அவர் வாதம். அடிபட்ட தோலை அத்தனை குளிர் இன்னும் கெடுக்கும், அதுவும் ஒரு காயம் மாதிரிதான் என்றேன். அவர் நம்பவில்லை. ஐஸ் அவர் விரல்களிலேயே வெகு நேரமாக இருந்ததால் கொஞ்சத்தில் அவரே "ஸ்" என்று கையை மாற்றிக்கொண்டார். பிறகு ஐஸைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

10.52. குழாய் நின்றது.

ஒன்பது நிமிடம் ஆகியிருந்தது. மேல்தொட்டி காலி. மோட்டார் போடும் அறையின் சாவி மண்டப மேலாளரிடம். மேலாளர் மொய் எழுதும் இடத்தில். நடுவே எண்ணூறு பேர். ஒன்பது நிமிடம் போதும், பாதிக்குப் பாதி ஆகிவிட்டதே என்று அண்ணன் சொன்னார். இலக்கியாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். எரிச்சல் திரும்பிவிட்டது.

சடையன் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனார். இரண்டு தோளிலும் ஒவ்வொரு குடிநீர் கேனோடு திரும்பினார். யாரையும் கேட்கவில்லை. கேட்கப் போயிருந்தால் இன்னும் அனுமதி தர ஆள் தேடிக்கொண்டிருப்போம். நான் செம்பில் மொண்டு மணிக்கட்டுக்கு மேலிருந்து மெதுவாக, விடாமல் ஊற்றினேன். ஐஸ் போடாத, கூடத்து நிழலில் இருந்த தண்ணீர், அதுவே போதும். இரண்டாவது கேன் பாதியில் இருக்கும்போது மாப்பிள்ளையின் சித்தப்பா வந்தார்.

அவருக்கு இரண்டு புகார். ஒன்று, பந்தியில் தண்ணீர் கேனைக் காணோம். இரண்டு, மாப்பிள்ளையின் தம்பி இப்போதுதான் எழுந்திருக்கிறான், பற்பசையைக் காணோம். இரண்டும் ஒரே இடத்தில் கிடைத்ததில் அவருக்குக் கோபம் இன்னும் ஜாஸ்தியானது. அண்ணன் கையில் டியூப் இருந்தது; திறந்தும் இருந்தது. பெண் வீட்டார் கொடுத்த சீரைச் சமையல்காரன் எடுத்துவிட்டான் என்று பேச்சு வளர்வதற்குள் அண்ணன் அதை இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டினார். "சும்மா பாத்துக்கினு இருந்தேங்க. நல்ல கம்பெனி" என்றார். சித்தப்பா இலக்கியாவின் கையைப் பார்த்ததும் குரலை இறக்கினார். தன் ஊரில் இதற்கு வெண்ணெய் தடவுவார்கள் என்றார். கொளஞ்சியப்பனும் சின்னராசுவும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். நான் தொடர்ந்து ஊற்றினேன்.

11.03. இருபது நிமிடம். அவள் இன்னும் கொஞ்சம் என்றாள். 11.05 வரை ஊற்றினேன்.

இரண்டு கொப்புளம் வந்திருந்தன, ஒன்று புளியங்கொட்டை அளவு. சர்புதீன் பாய் ஊசி இருந்தால் தண்ணீரை எடுத்துவிடலாம் என்று யோசனை சொன்னார். கூடாது, அது உடையாத வரை உள்ளே கிருமி போகாது என்றேன். பாய் உடனே ஒப்புக்கொண்டு, யாரையும் ஊசி எடுக்கவிட மாட்டேன் என்று காவலுக்கு நின்றார். லட்டுத் தட்டுகளை மூடுகிற மெல்லிய பிளாஸ்டிக் சுருளைச் சின்னராசுவிடம் வாங்கினேன். முதல் சுற்றைக் கிழித்துப் போட்டுவிட்டு, அடுத்த துண்டைக் கையின் மேல் நீளவாக்கில், சுற்றாமல், சும்மா படிய வைத்தேன். பூசாமல் ஒரு மருந்தா என்று சின்னராசு கேட்டார். ஆனால் அது தன் பிரிவுச் சரக்கு என்பதில் அவருக்குத் திருப்தி.

கையில், அதுவும் உள்ளங்கை அளவுக்கு மேல் பட்டிருப்பதால் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். ஆட்டோவில் கண்ணகி அக்காவும் ஏறிக்கொண்டார். டம்ளர்களை அண்ணனே கழுவட்டும் என்று சொல்லிவிட்டு ஏறினார்.

மருத்துவர் இளம் பெண். பிளாஸ்டிக்கை எடுத்துப் பார்த்தார். எவ்வளவு நேரம் தண்ணீர் என்று கேட்டார். சொன்னேன். தலையாட்டினார். பிறகு இரண்டு விரல்களில் ஒட்டியிருந்த வெள்ளையைப் பார்த்து நிமிர்ந்தார்.

"இது என்ன?"

அவர் முகர்ந்து பார்த்தார். "பேஸ்ட்டா. புதினா வாசனை" என்றார். சில்லென்று இருப்பதால் குணமாகிறது என்று நினைக்கிறார்கள், தோலை அது அரிக்கத்தான் செய்யும், அடியில் எவ்வளவு ஆழம் வெந்திருக்கிறது என்பதும் தெரியாமல் போய்விடும் என்று சொல்லிக்கொண்டே நனைத்த பஞ்சால் எடுத்தார். இலக்கியா இன்று கண்ணீர் விட்டது அந்த இரண்டு விரல்களுக்காக மட்டும்தான். மற்ற இடமெல்லாம் பொறுத்துக்கொண்டாள்.

தோலின் மேல்பகுதியோடு நின்றிருக்கிறது என்றார் மருத்துவர். கட்டுப் போட்டு, டெட்டனஸ் ஊசி போட்டு, வலிக்கு மாத்திரை கொடுத்தார். விரல்களை மடக்கச் சொன்னார். மடங்கின. தேர்வுக்கு இன்னும் பதினாறு நாள் என்று இலக்கியா சொன்னாள். உறுதியாகச் சொல்ல முடியாது, புண் பழுக்காமல் பார்த்துக்கொண்டால் இரண்டு வாரத்தில் ஆறும், அந்த இரண்டு விரல்களை மட்டும் சனிக்கிழமை பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

திரும்பும் வழியில் ஆட்டோவில் அவள் கட்டுக்கு வெளியே தெரிந்த விரல் நுனிகளை முழங்காலின் மேல் வைத்திருந்தாள். தட்டிப் பார்க்கவில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். எதற்கென்று கேட்டாள். பலகைக்கு என்றேன்.

"பலகைய விடு. அரை நிமிசம் செலையாட்டம் நின்னியே, அதுக்குக் கேளு."

அதற்குக் கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றாள்.

மாலை வீட்டுக்கு வந்து கைப்பேசியைப் பார்த்தேன். அண்ணன் சங்கத்துக் குழுவில் பலகையின் படத்தை மறுபடியும் போட்டிருக்கிறார். கூடவே ஒரு செய்தி: "நமது சமையலறையில் இன்று நடந்த விபத்தில், பலகையில் உள்ள முறைப்படி உடனடியாக முதலுதவி செய்யப்பட்டு ஒரு பெண்ணின் கை காப்பாற்றப்பட்டது. அனைவரும் கடைப்பிடிப்பீர்." கீழே முப்பத்திரண்டு கும்பிடும் கைகள். மேலும் மூன்று பேர் பிரதி கேட்டிருக்கிறார்கள். அண்ணன் அவர்களுக்கு என் எண்ணைக் கொடுத்திருக்கிறார்.

குழுவில் எழுத எனக்கு அனுமதி இல்லை; உரிமையாளர்கள் மட்டும். அண்ணனுக்குப் போன் செய்து, நாளை பலகைகளைத் திருத்தப் போகிறேன், எங்கள் பலகையிலிருந்து ஆரம்பிப்பேன் என்று சொன்னேன். கேட்கவில்லை, சொன்னேன். அவர், அடிக்கிறதை ஸ்கேல் வைத்து நேராக அடி என்றார்.

இலக்கியாவுக்கும் செய்தி அனுப்பினேன். இடது கையால் ஒரே வரி பதில் வந்தது: "கீழ உன் பேரு இருக்குல்ல. போ."

தவறு: மேலே எழுதியிருக்கிறேன்.

நாளை வேலை: காலை ஒன்பது மணிக்குள் கறுப்பு மார்க்கர் இரண்டு வாங்க வேண்டும். எங்கள் பலகை, பிறகு ரிஷிவந்தியம் தொடங்கி மற்ற பதினொன்று. ஒவ்வொன்றிலும் இரண்டு வரியையும் திருத்தி, அங்கே இருக்கிற ஒருவரிடம் வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். சூடு பட்டால் இருபது நிமிடம். கை கழுவ இருபது விநாடி. கிளம்புவதற்கு முன் நோட்டோடு ஒருமுறை ஒத்துப் பார்க்க வேண்டும்.